போட்டோவில் வந்த பட்ஜெட்டை ஒரு பக்கத்துக்குச் சுருக்குவது எப்படி? கேள்வி பதில்

சின்ன டிரஸ்ட்களுக்குக் கணக்கு எழுதுவதும் நிதி விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பதும்தான் பதினான்கு வருடமாக என் வேலை. போன வாரம் ஒரு தம்பி கேட்டதில் ஆரம்பித்து ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டார்கள், எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் டிரஸ்டின் பழைய செயலாளர் மாலை நேரப் படிப்பு மையங்களுக்கான 13 வரி பட்ஜெட்டை போனில் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார், எக்செல் ஃபைல் அவரிடம் இல்லையாம். நாங்கள் நிதி கேட்டிருக்கிற கம்பெனியில் தலைப்பு, தொகை, காரணம் மட்டும் ஒரே பக்கத்தில் கேட்கிறார்கள். பார்த்து அடித்துக் கூட்டினால் 10,04,000 வருகிறது. போட்டோவில் கீழே 10,40,000 என்று இருக்கிறது. எதைப் போடுவது?

இப்போதைக்கு இரண்டையும் போடாதீங்க தம்பி. வித்தியாசம் 36,000. அதை 9-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 4,000 வருகிறது. வித்தியாசம் 9-ஆல் சரியாக வகுபட்டால் எங்கேயோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கு எழுதுகிறவர்களின் பழைய கைப்பழக்கம். ஆனால் அது ஒரு துப்பு மட்டும்தான், 36,000 ரூபாய்க்கு ஒரு வரியே விடுபட்டிருந்தாலும் இதே விடைதான் வரும். உங்கள் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது, 10,04,000-க்கும் 10,40,000-க்கும் நடுவில்கூட இலக்கம் மாறின மாதிரிதான் தெரிகிறது, அதனால் தப்பு கூட்டுத்தொகையிலா வரியிலா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழாவது வரியின் மேல் காகிதம் மடிந்த கோடு போகிறது. சிற்றுண்டி, 150 பிள்ளைகள், 8 ரூபாய், 200 நாள். பெருக்கினால் 2,40,000, நீங்கள் அடித்திருப்பது 2,04,000. அவ்வளவுதான், ஆள் கிடைத்துவிட்டது.

இனிமேல் தொகையைப் பார்த்து அடிப்பதோடு நிறுத்தாதீங்க. எண்ணிக்கை, விலை, மாதம் மூன்றையும் C, D, E பத்திகளில் தனித்தனியாகப் போட்டு, F பத்தியில் தொகையை எக்செலே கணக்கிடட்டும். படத்தில் இருக்கிற தொகையை G பத்தியில் அடித்து இரண்டையும் கழித்துப் பாருங்க:

```
F2: =C2*D2*E2
H2: =F2-G2
```

H-இல் பூஜ்யம் இல்லாத வரிக்கு மட்டும் படத்தைத் திரும்பப் பார்த்தால் போதும். மாதக் கணக்கு இல்லாத வரிக்கு E-இல் 1 போடுங்க, சிற்றுண்டிக்கு 200 நாள்.

கேள்வி: எனக்கு எல்லாத் தொகையும் சரியாகவே இருக்கு, ஆனா SUM போட்டால் குறைச்சலாக் காட்டுது. போனிலேயே படத்திலிருந்து எழுத்தை எடுத்து ஒட்டினேன்.

தொகைக்குப் பின்னால் /- இருக்கிறதா பாருங்க. நம் ஊரில் எல்லோரும் 18,000/- என்றுதான் எழுதுவோம், எக்செல் அதை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும், SUM அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நிற்கிற தொகைகள்தான் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில O விழுந்திருந்தாலும் இதேதான்.

கேள்வி: கூட்டல் சரியாகிவிட்டது அக்கா, நன்றி. இப்போது 13 வரியை எத்தனை தலைப்பாக்குவது? சம்பளம், வாடகை, பொருள், பயணம், இதர என்று ஐந்தாகப் பிரித்தேன்.

பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகச் சேர்க்காதீங்க. உங்கள் பட்டியலில் இரண்டு வாடகை இருக்கிறது. மையங்களின் வாடகை 75,000, அங்கேதான் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். அலுவலக வாடகையில் இந்தத் திட்டத்தின் பங்கு 20,000. இரண்டையும் கூட்டி 'வாடகை 95,000' என்று போட்டால் படிக்கிறவர் மொத்தத்தையும் அலுவலகச் செலவு என்றுதான் நினைப்பார். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்க: இந்தச் செலவை நிறுத்தினால் அன்றைக்கு மாலை மையம் நடக்குமா? நடக்காது என்றால் அது திட்டச் செலவு. டிரஸ்ட் என்று ஒன்று இருப்பதற்காகவே ஆகிற செலவு என்றால் நிர்வாகம்.

நான் பிரித்தால் இப்படி வரும்:

| தலைப்பு | தொகை (ரூ.) | காரணம் |
|---|---|---|
| பணியாளர்கள் | 4,80,000 | 5 மைய ஆசிரியர்கள் மாதம் 6,000, ஒரு ஒருங்கிணைப்பாளர் மாதம் 18,000, 10 மாதம் |
| பயிற்சி, கற்றல் பொருட்கள் | 1,02,000 | 150 பிள்ளைகளுக்குப் புத்தகம், நோட்டு தலா 400. 5 மையத்துக்குப் பலகை, பாய் தலா 4,800. ஆசிரியர் பயிற்சி 2 முறை, தலா 9,000 |
| சிற்றுண்டி | 2,40,000 | 150 பிள்ளைகள், நாளுக்கு 8, 200 நாள் |
| மையச் செலவு | 90,000 | 5 மையத்துக்கு வாடகை 1,500, மின்சாரம் 300, 10 மாதம் |
| பயணம் | 30,000 | ஒருங்கிணைப்பாளர் மையங்களுக்குப் போய்வர மாதம் 3,000 |
| நிர்வாகம் | 85,000 | பகுதிநேரக் கணக்காளர் 50,000, அலுவலக வாடகைப் பங்கு 20,000, தணிக்கை 15,000 |
| இதர | 13,000 | ? |
| மொத்தம் | 10,40,000 | |

இதரவுக்கு நேரே கேள்விக்குறி வைத்திருக்கிறேன் பாருங்க. செயலாளரிடம் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்க, அதுவரை இதை அனுப்ப வேண்டாம்.

கேள்வி: மேடம், நிர்வாகம் 85,000 என்றால் 8 சதவீதத்துக்கு மேல் போகிறதே? கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான சிஎஸ்ஆர் சட்டப்படி 5 சதவீதம்தான், தள்ளுபடி ஆகிவிடும்.

5 சதவீதம் என்று ஒரு வரம்பு இருப்பது உண்மைதான் சார், ஆனால் அது நமக்கு இல்லை. கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை நடத்தத் தன் அலுவலகத்துக்குள் செய்கிற நிர்வாகச் செலவு, அந்த வருட மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. அவர்களிடம் பணம் வாங்கித் திட்டம் நடத்துகிற டிரஸ்டின் நிர்வாகச் செலவைப் பற்றி அது பேசவில்லை. அதே சமயம், அந்தக் கம்பெனி தன் விண்ணப்பப் படிவத்தில் நமக்கென்று ஒரு வரம்பு போட்டிருக்கலாம், அதைப் படித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால் கதையே வேறு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வில் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு முன் 50 சதவீதம் வரை இருந்தது.

வரம்புக்குப் பயந்து அலுவலக வாடகையை 'மையச் செலவு'க்குள் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வருடக் கடைசியில் ரசீது அலுவலக முகவரிக்கு இருக்கும், தணிக்கையில் அது நிற்காது.

கேள்வி: நான் ஆடிட்டர். கணக்காளர் சம்பளத்தை நிர்வாகத்தில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தத் திட்டத்தின் கணக்கை மட்டும் பார்க்கிற ஆள் என்றால் பணியாளர்கள் தலைப்பில் காட்டுவது சரிதான். எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது சார். இந்தத் திட்டத்துக்கு மட்டும் நியமன ஆணை இருந்தால் நானும் எதிர்க்க மாட்டேன். ஆனால் படத்தில் 'பகுதி நேரம்' என்று மட்டும்தான் இருக்கிறது, மீதி நேரம் அவர் டிரஸ்டின் மற்ற கணக்கைப் பார்க்கிறாரா என்று தெரியாது. தெரியாதபோது நான் நிர்வாகத்தில்தான் போடுவேன். நிதி தருகிறவர்களே இதில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை, அதனால் அனுப்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் திட்டத்தில் நிகழ்ச்சிகளைப் போட்டோ எடுக்க 12,000 வைத்திருக்கிறோம். போட்டோ எடுத்த பட்ஜெட் என்றால் அது எந்தத் தலைப்பில் வரும்?

இங்கே பேசிக்கொண்டிருப்பது பட்ஜெட் தாளைப் போட்டோ எடுத்தது பற்றி அம்மா. பரவாயில்லை, உங்களுக்கும் சொல்கிறேன்: நிதி தந்தவருக்கு அறிக்கை கொடுக்க எடுக்கிற படம் என்றால் 'ஆவணப்படுத்தலும் அறிக்கையும்' என்று போடுங்க, எத்தனை நிகழ்ச்சி, ஒன்றுக்கு எவ்வளவு என்று காரணத்தில் பிரித்துக் காட்டுங்க.

கேள்வி: காரணம் எழுதுவதுதான் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. சிற்றுண்டிக்கு "பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்கு மிகவும் அவசியமானது" என்று எழுதினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

படிக்கிறவருக்கு வேண்டியது இரண்டு: அந்தத் தொகை எப்படி வந்தது, ஏன் இதற்குக் குறைவாக முடியாது. உங்கள் வரியில் இரண்டும் இல்லை, அதே வரியை எந்தச் செலவுக்கும் ஒட்டலாம். மேலே இருக்கிற கணக்கிலேயே எழுதிப் பார்ப்போம்: "150 பிள்ளைகள், நாளுக்கு ரூ.8 (ஒரு கிண்ணம் சுண்டல், எரிவாயு உட்பட), மாதம் 20 நாள், 10 மாதம். பள்ளி விட்டு நேராக மையத்துக்கு வருவதால் மதிய உணவுக்குப் பிறகு வீடு திரும்பும் வரை வேறு சாப்பாடு இல்லை." முதல் வாக்கியத்தை அவர் கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பார், விடை தொகையோடு பொருந்த வேண்டும். இரண்டாவது உங்கள் ஊரில் மட்டும் உண்மையாக இருக்கிற விஷயமாக இருக்கணும். உங்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வருகிறார்கள் என்றால் என் வாக்கியத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீங்க.

பொருள் வாங்குகிற வரியில் விலை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று ஒரு வார்த்தை எழுதுங்க. வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாத டிரஸ்டுக்கு அந்த ஜிஎஸ்டி நேரடியான செலவு, பட்ஜெட்டில் இல்லையென்றால் சொந்தக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் படத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டுத் தொகைப் பத்தியே பாதி இல்லை. ஒரு விலை 3,000-ஆ 8,000-ஆ என்றும் தெரியவில்லை. உத்தேசமாகப் போடலாமா?

போடக் கூடாது. நான் ஒருமுறை போட்டேன். மங்கலான ஒரு பயணச் செலவை 3,000 என்று படித்து அனுப்பினேன், அது 8,000. ஒப்பந்தம் கையெழுத்தானபின் ஒவ்வொரு மாதமும் 5,000 ரூபாய் இடித்தது, அந்த வருடம் முழுக்க ஒருங்கிணைப்பாளர் பஸ் காசைத் தன் சம்பளத்திலிருந்து போட்டார். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

விலை தெளிவாக இருந்து தொகை மட்டும் இல்லையென்றால் பெருக்கிக்கொள்ளலாம். தொகை இருந்து விலை மங்கல் என்றால் எண்ணிக்கையாலும் மாதத்தாலும் வகுத்துப் பாருங்க, முழு விடையாக வருவதுதான் விலை. இரண்டும் போய்விட்டால் தாளை வைத்திருக்கிறவரிடம் மறுபடி படம் கேட்பதைத் தவிர வழி இல்லை. தாளைத் தரையில் விரித்து, மடிப்பை நீவிவிட்டு, நேர் மேலிருந்து, தலைப்பு வரியும் மொத்தமும் விழுகிற மாதிரி ஒரு படம், அப்புறம் மேல் பாதி, கீழ் பாதி என்று கிட்டத்தில் இரண்டு படம். இரண்டு வரியாவது இரண்டு பாதியிலும் பொதுவாக வரட்டும், நடுவில் ஒரு வரி தொலைந்தால் உடனே தெரியும்.

கேள்வி: அக்கா, செயலாளரிடம் கேட்டுவிட்டேன். இதர 13,000-இல் ஆண்டு விழா 8,000, மையத்துக்கு ஒரு முதலுதவிப் பெட்டி 600 வீதம் 3,000, வங்கிக் கட்டணமும் தபாலும் 2,000.

அப்படியென்றால் இதர என்ற தலைப்பே வேண்டாம். விழாவும் பெட்டியும் மையச் செலவுக்குப் போகட்டும், அது 1,01,000 ஆகும், காரண வரியிலும் இரண்டையும் சேர்த்து எழுதுங்க. வங்கி, தபால் நிர்வாகத்துக்கு, அது 87,000. மொத்தம் மாறாமல் 10,40,000, தலைப்பு ஆறு. அந்த 13 வரித் தாளையும் பின்னிணைப்பாக வைத்து, ஒவ்வொரு தலைப்புக்கு நேரேயும் எந்தெந்த வரி எண் அதில் அடங்குகிறது என்று குறித்து அனுப்புங்க. விழாவுக்கு 8,000 எதற்கு என்று அநேகமாகக் கேட்பார்கள், அந்தப் பதிலை மட்டும் செயலாளரிடமே வாங்கி வைத்துக்கொள்ளுங்க.