போட்டோவில் தெரிந்த குழி, கண்ணுக்குத் தெரியாத இழப்பு

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 61 வயது. பாம்பனில் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். கண்ணாடி மாற்றலாம் என்று கண் முகாமுக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்குள்ளே போட்டோ எடுத்துவிட்டு, "வலது கண்ணில் நரம்பு குழிந்திருக்கிறது, கப் 0.8, இடது 0.5, கிளாக்கோமா மாதிரி தெரிகிறது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கண் பிரஷர் 19 தான். அவருக்கு ஒரு வலியும் இல்லை. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தார். கண் சிவந்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். நல்லா இருக்கிற கண்ணுக்கு எதற்கு வைத்தியம் என்கிறார். போட்டோவை அனுப்பியிருக்கிறேன். இதைப் பார்த்தே நோய் என்று சொல்லிவிட முடியுமா?

பதில்: வலுவாகச் சந்தேகப்பட முடியும். முடிவு கட்ட இன்னும் சில பரிசோதனைகள் வேண்டும். ஆனால் உங்கள் அப்பாவின் வலது கண் படத்தைப் பார்த்த பிறகு, அவற்றை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்களே அந்தப் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். வலதுபுறமாக ஒரு வட்டம் வெளிச்சமாகத் தெரியும். இரத்தக் குழாய்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். அதுதான் கண் நரம்பின் தலைப்பகுதி. நிஜ அளவில் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். விழித்திரை முழுவதிலிருந்தும் வரும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள் இங்கே வந்து, மடங்கி, பின்பக்கமாக மூளையை நோக்கிப் போகின்றன. இழைகள் நெருக்கமாக மடங்கும் ஓரம் ரோஜா நிறத்தில் ஒரு வளையமாகத் தெரியும். நடுவில் இழைகள் இல்லாத இடம் வெளிறிப்போய்க் குழியாகத் தெரியும். அந்தக் குழியைத்தான் கப் என்கிறார்கள். கிளாக்கோமா என்பது இந்த இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் நோய்; இழைகள் போகப் போக வளையம் மெலியும், குழி பெரிதாகும். குழி எல்லோருக்கும் உண்டு, அது நோய் அல்ல. மேலிருந்து கீழாக அளந்தால், பெரும்பாலானவர்களுக்கு மொத்த வட்டத்தில் பத்தில் மூன்று, நான்கு பங்கு இருக்கும். அப்பாவின் வலது கண்ணில் அது எட்டுப் பங்கு. 0.8 என்றால் அதுதான்.

எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். பிறவியிலேயே நரம்பின் தலை பெரிதாக உள்ளவர்களுக்கு 0.6, 0.7 கூட இயல்பாக இருக்கும். அவர்களை ஒரு போட்டோவை வைத்து நோயாளியாக்கி, ஆயுளுக்கும் மருந்து எழுதிவிடுகிற தவறும் நடக்கிறது. அதனால் நான் முதலில் பார்ப்பது குழியின் அளவை அல்ல, அதைச் சுற்றியுள்ள வளையத்தை. ஆரோக்கியமான கண்ணில் வளையத்தின் கீழ்ப்பகுதிதான் பெரும்பாலும் எல்லாவற்றிலும் தடிமனாக இருக்கும். அப்பாவின் வலது கண்ணில், கடிகாரத்தில் 7 மணி இருக்கிற இடத்தில், அந்த வளையம் மெலிந்து ஏறக்குறைய ஓரத்தையே தொட்டுவிட்டது. அந்த இடத்தைக் கடக்கும் இரத்தக் குழாய் விளிம்பில் சட்டென்று மடங்கி மறைந்து, குழியின் அடியில் கொஞ்சம் தள்ளி மறுபடி தெரிகிறது. தட்டையான படத்தில் ஆழத்தைக் காட்டிக்கொடுப்பது இந்த மடிப்புதான். இடது கண்ணில் அப்படி எதுவும் இல்லை. நரம்பின் தலை பெரிதாகப் பிறந்தவர்களுக்கு இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இவருக்கு 0.3 வித்தியாசம். 0.2-க்கு மேல் போனாலே நாங்கள் விசாரிப்போம்.

சரி, இவ்வளவு நடந்தும் ஏன் வலிக்கவில்லை? கண்ணில் வலியை உணர்வது முன்பக்கம். கருவிழியில் ஒரு மணல் துகள் பட்டால் கண்ணைத் திறக்க முடியாது. ஆனால் விழித்திரையிலும் நரம்பின் தலையிலும் வலியை உணரும் நரம்புகள் கிடையாது. அங்கே இழைகள் சாகும்போது சத்தமே வராது. கண் அழுத்தம் சில மணி நேரத்துக்குள் 50-க்கு மேல் எகிறினால்தான் கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, தலைவலியும் வாந்தியும் வரும். அது இந்த நோயின் இன்னொரு வகை. அதைப் பார்த்தவர்கள்தான் "பிரஷர் என்றால் வலிக்குமே" என்பார்கள். அழுத்தம் வருடக்கணக்கில் 24, 28 என்று மெல்ல ஏறி நின்றால் கண் அதற்குப் பழகிவிடும்.

உங்கள் அப்பாவுக்கு 19 தானே என்று கேட்பீர்கள். 10 முதல் 21 வரை சாதாரணம் என்பது பொதுவான கணக்கு. அழுத்தம் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். முகாமில் பார்த்தது ஒரே ஒரு வேளை. கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். இதையெல்லாம் கழித்துவிட்டாலும், சிலருடைய நரம்பு 17, 18-ஐயே தாங்காது. பிரஷர் நார்மல் என்பதற்காகக் குழியை ஒதுக்கிவிடக் கூடாது.

வலி இல்லாததை ஒப்புக்கொண்டாலும், பார்வை குறைந்தது எப்படித் தெரியாமல் போகும் என்றுதான் அப்பா கேட்பார். அவரை இப்படிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் இடதுபக்கம் ஒரு கூட்டல் குறி, அதற்கு நேராக வலதுபக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி போடுங்கள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி, தாளை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரத்தில் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஓர் இடத்தில் புள்ளி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரிகிறதா? கறுப்பாக ஏதாவது தெரிகிறதா? இல்லை, வெள்ளைத் தாள்தான் தெரியும். நரம்பின் தலை இருக்கிற இடத்தில் பார்வை செல்களே இல்லை. பிறந்ததிலிருந்து நம் எல்லோருக்கும் அங்கே பார்வை கிடையாது. சுற்றியுள்ளதை வைத்து மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. கிளாக்கோமாவில் இழக்கும் இடத்தையும் மூளை இப்படியேதான் நிரப்புகிறது. இருட்டுச் சுரங்கம் போலக் கறுப்பாகத் தெரியும் என்று சுவரொட்டிகளில் போடுகிற படத்தை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

இவருக்கு வளையம் மெலிந்திருப்பது கீழே. கண்ணுக்குள் எல்லாம் தலைகீழாக விழுவதால், பார்வை குறைவது மேல் பாதியில், அதுவும் மூக்குப் பக்கமாகத் தொடங்கும். வலது கண்ணின் மூக்குப் பக்கத்தை இடது கண் நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் திறந்து வைத்திருக்கும்வரை குறை வெளியே வராது. எழுத்துப் பலகை சோதிப்பது நட்டநடுப் பார்வையை மட்டும்தான். அந்த இழைகள் பெரும்பாலும் கடைசியில்தான் போகும். படகு வடத்தில் புரி ஒவ்வொன்றாக அறுந்தாலும் கடைசிப் புரி வரை இழுவை தாங்குகிற மாதிரிதான் இதுவும். பார்வைப் புலத்தை அளக்கும் கருவியிலேயே குறை தெளிவாகப் பதிவாகும்போது, இழைகளில் கால் பங்குக்கு மேல் போயிருக்கலாம். மதுரை அரவிந்த் மருத்துவர்கள் தென் மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்து ஆராய்ந்தபோது, கிளாக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த மெடிக்கல் சொட்டு மருந்து. உப்புக் காற்றும் வெயிலும் பட்டுச் சிவக்கிற கண்ணுக்குக் கடற்கரை ஊர்களில் பலரும் இப்படி வாங்குகிறார்கள். போட்ட மறுநாளே கண் வெளுத்துவிடும், அதனால் ராசியான மருந்து என்று திரும்பத் திரும்பப் போடுவார்கள். பாட்டிலை எடுத்துப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் வலியே இல்லாமல் நன்றாக ஏறும். நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் இறங்கிவிடும், போன இழைகள் மட்டும் திரும்பாது. இன்று 19 காட்டுகிற கண்ணில் முன்பு எவ்வளவு இருந்ததோ, யாருக்குத் தெரியும்? அந்தப் பாட்டிலையும், எத்தனை மாதமாக, எவ்வளவு இடைவெளியில் போட்டார் என்ற கணக்கையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எந்த வகைக் கிளாக்கோமா என்பதையே அது மாற்றிவிடலாம்.

அடுத்து, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவுக்குப் போங்கள். பார்வைப் புல பரிசோதனை அன்று கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மதுரைதான். மருத்துவர் இரண்டு கண்ணாலும் ஆழம் தெரியும்படி லென்ஸ் வைத்து நரம்பைப் பார்ப்பார். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற கோணம் திறந்திருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா என்று இன்னொரு லென்ஸைக் கண்ணில் தொட்டுப் பார்ப்பார். வைத்தியம் அதைப் பொறுத்து மாறும் என்பதால் இதைத் தவிர்க்க விடாதீர்கள். ஒடுங்கியிருந்தால் முதலில் லேசர் தேவைப்படலாம். கருவிழித் தடிமனும் அளப்பார்கள். அப்புறம் பார்வைப் புலம்: ஒரு கிண்ணத்துக்குள் பார்த்தபடி, சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். முதல் தடவை பலர் தடுமாறுவார்கள், ரிசல்ட் மோசமாக வந்தால் இன்னொரு நாள் திரும்ப எடுப்பதே முறை. மேல் பாதியில் குறை வந்தால் போட்டோவோடு பொருந்துகிறது, கிளாக்கோமா உறுதியாகிறது. பொருந்தவில்லை, அல்லது மிச்சமிருக்கும் வளையமே வெளிறியிருக்கிறது என்றால், நரம்பை வேறு ஏதாவது அழுத்துகிறதா என்று தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

உறுதியானால் சொட்டு மருந்து தருவார்கள். அதைப் போட்டால் பார்வை தெளிவாகாது என்பதை அப்பாவுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு மாதத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். மருந்தின் வேலை அழுத்தத்தை இறக்கி, மிச்ச இழைகளைக் காப்பது. இறங்கியதா என்று அளந்தால்தான் தெரியும். இரவில் ஒரு சொட்டு என்று எழுதியிருந்து, அவர் சாயங்காலமே கடலுக்குப் போகிறவர் என்றால், அதை மருத்துவரிடம் சொல்லி தினமும் தவறாத வேறு ஒரு வேளையைக் கேட்டு வாங்குங்கள். பாட்டிலைப் படகில் வெயிலில் வைக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். மூச்சிரைப்போ, இதயத் துடிப்பு மெதுவாக இருக்கும் தொந்தரவோ இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். டிமோலால் என்ற சொட்டு மருந்து அவர்களுக்கு ஆகாது.

இந்த நோய் ரத்த சொந்தத்தில் வரும் வாய்ப்பு கூடுதல். அப்பாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும், நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் நரம்பைப் பார்க்கச் சொல்லிக் கேட்டு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பவர் மட்டும் பார்த்து அனுப்பினால் அது இந்தக் கணக்கில் சேராது.