பைத்துல்மாலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு வந்தது. கலீஃபா உமர் காலத்தில் யாரிடமும் வரியே வாங்கவில்லை, பணக்காரர்களின் ஜகாத்தை வைத்தே பிறந்த குழந்தைக்குக்கூட மாதச் சம்பளம் கொடுத்தார்கள் என்று. என் மைத்துனர் எல்லாம் கட்டுக்கதை என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்துவிட்டார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. எது உண்மை? பைத்துல்மால் என்ற பொதுக் கஜானாவுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? அன்றைய ஒரு திர்ஹம் இன்றைக்கு எத்தனை ரூபாய்?

ந.

*

அன்புள்ள ந.,

கேலி செய்ததற்காகக் கஷ்டப்படாதீர்கள். மைத்துனர்கள் அதற்குத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிவை நீங்களும் ஒரு வரிகூட யோசிக்காமல் நம்பியிருக்கிறீர்கள், அதற்கு உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். வரியே வாங்காமல் ஓர் அரசு எதைக் கொடுக்கும்? ஒட்டகம் பால் கறந்த மாதிரி கஜானா தானாகப் பணம் கறக்குமா?

குழந்தைக்குக் கொடுத்தது உண்மைதான். அது மாதச் சம்பளமில்லை, வருஷத்துக்கு 100 திர்ஹம். முதலில் பால் மறந்த பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. ஓர் இரவு மதீனாவுக்கு வெளியே ஒரு வணிகக் கூட்டம் தங்கியிருக்கிறது. உமரும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபும் காவலுக்குப் போகிறார்கள். ஒரு கைக்குழந்தை விடாமல் அழுகிறது. பிள்ளையைக் கவனியம்மா என்று உமர் சொல்லிவிட்டு வருகிறார். மறுபடி அழுகை, மறுபடி போகிறார். மூன்றாம் முறை அந்தப் பெண் எரிச்சலோடு சொல்கிறாள்: பாலை மறக்கடிக்கப் பார்க்கிறேன், மாட்டேன் என்கிறது, பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் பணம் தருகிறார். எதிரே நிற்பது யாரென்று அவளுக்குத் தெரியாது. அன்று விடியற்காலைத் தொழுகையில் அவர் ஓதியது அழுகையில் யாருக்கும் புரியவில்லை என்கிறார்கள். பிறந்த நாளிலிருந்தே உதவித்தொகை என்று அப்புறம்தான் அறிவிப்பு வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் கண் கலங்கும், அதை மறைக்கவில்லை.

ரூபாய்க் கணக்கை விட்டுவிடுங்கள். வெள்ளி விலையை வைத்துப் பெருக்கி யாராவது ஒரு தொகை சொன்னால் நம்பாதீர்கள், அதை வைத்து ஒன்றும் புரியாது. அந்தக் காலத்து ஆட்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். படிச் சம்பளமாகத் தானியமும் கொடுத்தார்கள். ஓர் ஆளுக்கு மாதம் எவ்வளவு என்று முடிவு செய்ய உமர் ஒரு ஜரீப் மாவு அளந்து (ஜரீப் என்பது தானிய அளவுக்கும் பெயர், நில அளவுக்கும் பெயர்), ரொட்டி சுட்டு, எண்ணெயில் பிசைந்து, முப்பது பேரைக் கூப்பிட்டு மதியம் சாப்பிடச் சொன்னார். வயிறு நிறைந்தது. இரவும் அதேபோல இன்னொரு ஜரீப். சரி, முப்பது பேருக்கு ஒரு நாள் போதுமானது ஒருவருக்கு முப்பது நாள் போதும், ஆளுக்கு மாதம் இரண்டு ஜரீப் என்று முடித்துவிட்டார். இதைவிட நேர்மையான பட்ஜெட் கணக்கை நான் பார்த்ததில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். சில நாட்களாக இதே நினைப்புத்தான், நீங்கள் எழுதாவிட்டாலும் எழுதியிருப்பேன்.

ஜகாத் அல்ல, ந. பெரும்பணம் இராக்கிலிருந்து வந்தது. டைக்ரீஸ், யூஃப்ரடீஸ் பாயும் வண்டல் சமவெளிக்கு அரபுகள் வைத்த பெயர் ஸவாத், அதாவது கறுப்பு. பாலைவனத்திலிருந்து வருகிறவனுக்குப் பேரீச்சையும் பயிரும் தூரத்தில் கறுப்பாகத் தெரியும். பாரசீக அரசு தோற்றதும் அந்த நிலம் கைக்கு வந்தது. போரில் கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு பொதுவுக்கு, மிச்சம் படைவீரர்களுக்கு என்பது வழக்கம். நிலத்தையும் அப்படியே பிரித்துக் கொடு என்றார்கள் வீரர்கள். எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு மூன்று உழவர் வீதம் வந்ததாம். நிலத்தை எண்ணவில்லை பாருங்கள், அதை உழுகிற ஆட்களை எண்ணியிருக்கிறார்கள்.

உமர் மறுத்தார். இன்றைக்கே பிரித்துவிட்டால் நாளைக்கு வருகிறவர்களுக்கு என்ன இருக்கும், எல்லையில் நிற்கும் படைக்கு எதைக் கொடுப்பேன் என்பது அவர் வாதம். பிலால் உட்படப் பெரிய மனிதர்களே எதிர்த்தார்கள், வாக்குவாதம் நாள்கணக்கில் நடந்தது. கடைசியில் ‘அவர்களுக்குப் பின் வருபவர்கள்’ என்ற குர்ஆன் சொல்லைக் காட்டி முடித்தார். நிலம் பழைய உழவர்கள் கையிலேயே இருக்கும், அவர்கள் வரி கட்டுவார்கள், அது எல்லோருக்கும் பொது. அந்த நிலவரிக்குப் பெயர் கராஜ். உங்கள் குழுவில் வந்த பதிவு ‘வரியே இல்லை’ என்று துடைத்துப் போட்டது இதைத்தான்.

உஸ்மான் இப்னு ஹுனைஃப், ஹுதைஃபா இரண்டு பேரும் போய் அளந்தார்கள். மொத்தம் 3 கோடியே 60 லட்சம் ஜரீப் என்று பதிவு. வரி விகிதம் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுகிறது. அதிகம் சொல்லப்படுவது கோதுமைக்கு ஜரீப்புக்கு 4 திர்ஹம், பார்லிக்கு 2. முஸ்லிமல்லாத ஆண்களுக்குத் தலைவரி வசதியைப் பொறுத்து 48, 24, 12.

ஒரு குடியானவனை வைத்துக்கொள்வோம். அவனுக்குப் பத்து ஜரீப், ஏறக்குறைய நாலு ஏக்கர். ஆறில் கோதுமை, நாலில் பார்லி. கோதுமைக்கு 24, பார்லிக்கு 8, தலைவரி 12. ஆக 44 திர்ஹம். இப்போது அந்தக் குழந்தையின் 100 திர்ஹத்தைப் பாருங்கள். இந்த மாதிரி இரண்டு குடியானவர்களின் முழு வரியும், மூன்றாமவன் வரியில் கொஞ்சமும். நபிகளோடு பத்ர் போரில் நின்றவருக்கு வருஷம் 5,000 என்று திவான் என்ற உதவித்தொகைப் பதிவேட்டில் எழுதினார்கள். அவருக்கு நம் ஆட்கள் நூற்றுப் பதினான்கு பேர் உழ வேண்டும். அந்தப் பதிவேட்டில் உழுதவன் பெயர் கிடையாது. அவன் இருந்தது வேறு ஏட்டில். கட்டியவன் யார் என்று தெரிய வரி வசூல் முடிகிறவரை கழுத்தில் ஈய முத்திரை கட்டினார்கள்.

உமரைக் குறை சொல்லவில்லை. பாரசீகர் காலத்திலும் நிலவரி இருந்தது, அதே திஹ்கான் என்ற ஊர்ப் பெரியதனக்காரர்களே இப்போதும் வசூலித்தார்கள், பிரித்துக் கொடுத்திருந்தால் அந்த உழவன் கதி இன்னும் மோசமாகியிருக்கும். முந்தைய கலீஃபா அபூபக்ர் எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தார், உமர் இஸ்லாத்துக்கு முன்னால் வந்தவர் பின்னால் வந்தவர் என்று தரம் பிரித்தார், அது சரியா என்று பெரிய சண்டை உண்டு. அது வாங்குகிறவர்களுக்குள் நடக்கும் சண்டை, எனக்கு அதில் ருசியில்லை.

என் தாத்தா கடைமடை ஊரில் கணக்குப்பிள்ளை. அடங்கல் ஏடு எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கும். பசலி என்று அதன் மேல் எழுதியிருக்கும். பருவம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது, நம் வருவாய்த்துறை இன்னும் ஜூலையில் பசலி பிறந்தது என்கிறது. ஒரு வருஷம் தண்ணீர் வராமல் கதிர் சாவியாகிவிட்டது. ஒருவர் கதிரை ஒடித்துக் கொண்டுவந்து திண்ணையில் போட்டார். தாத்தா ஒன்றைக் கையில் வைத்துத் தேய்த்து ஊதினார், எல்லாம் பறந்துவிட்டது, உள்ளங்கையில் ஒரு மணி நிற்கவில்லை. ஆனால் தீர்வை ஏக்கருக்கு இவ்வளவு என்று எப்போதோ போட்டது. தள்ளுபடிக்கு மேலே எழுதி அனுப்பினார். உத்தரவு வருவதற்குள் கதிர் கொண்டுவந்தவர் மாட்டை விற்றுக் கட்டிவிட்டார்.

கராஜில் பிற்பாடு கெட்டுப்போனதும் இதேதான். ஜரீப்புக்கு இவ்வளவு என்பது விளைச்சலைப் பார்க்காது. உமர் காலத்தில் நிலம் பெரும்பாலும் சாகுபடியில் இருந்தது, தரிசு குறைவு, தரிசுக்கும் சேர்த்துக் கட்ட முடிந்தது. நூற்றைம்பது வருஷம் கழித்து ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதி அபூ யூசுஃப் கிதாபுல் கராஜ் எழுதும்போது நிலைமை தலைகீழ். நூறு வருஷமாக உழாத நிலத்தை ஒருவன் எப்படித் திருத்தி இந்த வரியும் கட்டுவான் என்று கேட்கிறார். விலை மலிந்தால் பணமாகக் கட்டுகிறவன் அழிகிறான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. விளைந்ததில் பங்காக வாங்குங்கள் என்றார். தானாகப் பாயும் தண்ணீரில் விளைந்த கோதுமைக்கு ஐந்தில் இரண்டு, இறைத்துப் பாய்ச்சினால் பத்தில் மூன்று. இறைக்கிறவனின் முதுகு வலிக்குக் குறைத்துப் போட்டிருக்கிறார், அதை நான் கவனித்தேன். ஆனாலும் ஐந்தில் இரண்டு லேசான சுமையில்லை.

உங்கள் மைத்துனருக்கு ஒன்று சொல்லுங்கள். இது கட்டுக்கதையென்றால் இப்படி ஒரு கேள்வியை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். அளந்துவிட்டு வந்த இருவரையும் மதீனாவில் நிறுத்தி உமர் கேட்கிறார்: நிலம் தாங்காத அளவுக்கு ஏற்றிவிட்டீர்களா? தாங்கும் என்கிறார்கள். நன்றாகப் பாருங்கள் என்று மறுபடி சொல்கிறார். இறைவன் உயிரோடு வைத்தால் இராக்கின் விதவைகள் எனக்குப் பிறகு யாரிடமும் கை நீட்டாதபடி விட்டுச் செல்வேன் என்றும் சொன்னார். நாலாம் நாள் குத்துப்பட்டார். அது 644.

குத்தியவன் பாரசீக அடிமை, அபூ லுஃலுஆ. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவன் உமரிடம் ஒரு முறையீடு கொண்டுவந்திருந்தான், எஜமானர் என் கூலியில் நாளுக்கு இரண்டு திர்ஹம் எடுக்கிறார், அதிகம் என்று. அப்படி எடுப்பதற்கும் கராஜ் என்றுதான் பெயர். உனக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்டார் உமர். தச்சு வேலை, கொல்லு வேலை, செதுக்கு வேலை என்றான். இத்தனை தொழில் தெரிந்தவனுக்கு அது அதிகமாகத் தெரியவில்லையே என்று அனுப்பிவிட்டார்.

அன்புடன்.