83-ம் 137-ம் ஒரே காற்றுதான்

"தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். நவம்பர் வந்தால் காலையில் மாடியிலிருந்து கடல் தெரியாத அளவுக்கு மூட்டம். பஞ்சாபில் வயலை எரிக்கிற புகை என்கிறார்கள் சிலர், மணலி ஆலைப் புகை என்கிறார்கள் சிலர். போனில் ஒரு ஆப் 83 காட்டுகிறது, இன்னொன்று 137. எதை நம்பி ஆஸ்துமா உள்ள அம்மாவை வாக்கிங் அனுப்புவது?"

இரண்டு எண்ணுமே சரியாக இருக்கலாம். புகையில் நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகளை PM2.5 என்று குறிப்பார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் அது 50 மைக்ரோகிராம் இருந்தால், இந்தியக் கணக்கில் காற்றுத் தரக் குறியீடு 83; அமெரிக்கக் கணக்கில் 137. நம் கணக்கில் 60 மைக்ரோகிராம் வரை 100-க்குள் அடங்கிவிடும். அமெரிக்கக் கணக்கில் 35-ஐத் தாண்டினாலே 100-ஐத் தாண்டிவிடும். அதனால் ஒரே காற்றுக்கு இங்கே 'திருப்தி' என்றும், அங்கே 'ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கெடுதல்' என்றும் பெயர். உங்கள் அம்மாவுக்கு நான் 137-ஐத்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் வரும் துகள் கணக்கு, கடந்த 24 மணி நேரச் சராசரி. காலை ஆறு மணிக்கு மூட்டம் சூழ்ந்தால் எண் உடனே ஏறாது; மதியம் காற்று தெளிந்த பிறகும் உடனே இறங்காது. அதனால் பெரிய எண்ணோடு நிற்காமல், உங்களுக்குப் பக்கத்து நிலையத்தில் PM2.5 மணிக்கு மணி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள்.

சரி, புகை யாருடையது? அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த தாளை எரிக்கிறார்கள். அந்தப் புகை நேராகத் தெற்கே வருவதில்லை. அந்தப் பருவத்தில் வட இந்தியாவின் மேல் காற்றழுத்தம் கூடுகிறது. காற்று அதைச் சுற்றி வலமாகச் சுழல்கிறது. கங்கைச் சமவெளியில் அது வடமேற்குக் காற்று. வங்காளத்தைத் தாண்டிக் கடலுக்கு மேல் வந்ததும் திரும்பி, நமக்கு வாடைக் காற்றாக வந்து சேர்கிறது. மூவாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு நீளும் பாதை. மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் ஆறு நாளாவது ஆகும். வழியில் மழை பெய்தால் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடும். எனவே மழை ஓய்ந்து வாடை மெதுவாக வீசும் நாட்களில்தான் அந்தப் புகைக்கு இங்கே வர வாய்ப்பு. அதுவும் நீர்த்துத்தான் வரும்.

வட சென்னைக்காரர்களுக்குத்தான் இதில் குழப்பம் அதிகம். எண்ணூரும் மணலியும் உங்களுக்கு வடக்கே இருக்கின்றன. வடக்கிலிருந்து வரும் காற்று, தூரத்துப் புகையைக் கொண்டுவரும் அதே நாளில் பக்கத்துப் புகைபோக்கிகளின் புகையையும் உங்கள் பக்கமே தள்ளும். 2019 நவம்பரில் சென்னையைப் பல நாள் மூட்டம் மூடியபோதும், டெல்லிப் பக்கப் புகையா உள்ளூர்ப் புகையா என்று வல்லுநர்களே ஒத்துப்போகவில்லை.

பிரித்துப் பார்க்க ஒரே நேரத்தில் பல நிலையங்களை ஒப்பிடுங்கள். மணலி, கொடுங்கையூர், ராயபுரம் மூன்றும் ஏறி, தெற்கே ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடியும் ஏறக்குறைய அதே அளவு ஏறியிருந்தால், நகரம் முழுவதையும் மூடிய ஏதோ ஒன்று: தூரத்துப் புகையாக இருக்கலாம், அல்லது காற்று அசையாமல் நகரத்துப் புகையே தேங்கியிருக்கலாம். வாடை விடாமல் வீசியும் எல்லா இடமும் ஏறியிருந்தால் முதலாவதற்கே என் ஓட்டு. மணலி மட்டும் எகிறி, கந்தக டை ஆக்சைடும் கூடவே ஏறினால் அது ஆலைப் பக்கத்துக் காற்று. கொடுங்கையூர் மட்டும் திடீரென்று ஏறி, கார்பன் மோனாக்சைடும் உயர்ந்து, பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தால் குப்பைமேட்டில் தீ. பல நாள் பயணம் செய்த புகையில் அப்படி நாற்றம் இருக்காது; தொடுவானம் மட்டும் வெளுத்துத் தெரியும். நாசாவின் FIRMS வரைபடத்தில் ஒரு வாரத்துக்கு முன் வடக்கே எத்தனை தீப்புள்ளிகள் என்பதையும் பார்க்கலாம். ஆனால் தீ இருந்தது என்பதாலேயே புகை இங்கே வந்தது என்று ஆகாது.

அம்மாவின் நடையை விடியற்காலையிலிருந்து மாற்றுங்கள். குளிர்ந்த தரைக்காற்று மேலே எழாத நேரம் அது. இரவு முழுக்கச் சேர்ந்த புகை தெரு மட்டத்திலேயே நிற்கும். வெயில் ஏறி, கடற்காற்றும் வரத் தொடங்கிய பிறகு PM2.5 கோடு இறங்குகிறதா பார்த்து அனுப்புங்கள். இந்தியக் கணக்கிலேயே 100-ஐத் தாண்டிய நாளில் நடை வீட்டுக்குள்ளேயே போதும். வெளியே போயே தீர வேண்டுமென்றால் முகத்தோடு ஒட்டும் N95. துணி மாஸ்க் இந்தத் துகளை அவ்வளவாகத் தடுக்காது. மூச்சு வாங்குகிறது, இருமல் கூடுகிறது என்றால் எண் 83-ஆக இருந்தாலும் டாக்டர் சொன்னபடி இன்ஹேலரை எடுக்கச் சொல்லுங்கள்.