வைஃபையில் மட்டும் வங்கித் தளம் எச்சரிக்கை காட்டினால் ரௌட்டரின் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்

கேள்வி: மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறோம். ஒரு வாரமாக வீட்டு வைஃபையில் வங்கித் தளத்தைத் திறந்தால் "பாதுகாப்பற்றது" என்று வருகிறது. மற்ற தளங்களும் லாட்டரி, விளம்பரப் பக்கங்களுக்குத் தாவுகின்றன. கணினியிலும் மனைவியின் போனிலும் இப்படி. மகன் போனில் எல்லாம் சரியாக இருக்கிறது. லைன் போட்டவர் "ரௌட்டரில் வைரஸ், புதிது 2,500 ரூபாய்" என்கிறார். வாங்கலாமா? – வாசகர், சந்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ரௌட்டர் பழுதாகவில்லை, அதில் பதிந்திருக்கும் ஓர் எண்ணை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. மாற்றிய நிரல் உங்கள் வீட்டுக் கணினியிலோ போனிலோ இருந்தால், அதே பழைய கடவுச்சொல்லோடு மாட்டப்படும் புதுப் பெட்டியையும் அது மாற்றிவிடும்.

அந்த எண் டிஎன்எஸ் சர்வரின் முகவரி. நீங்கள் வங்கியின் பெயரைத் தட்டச்சு செய்ததும், அது எந்தக் கணினியில் இருக்கிறது என்று உங்கள் போன் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. யாரிடம் கேட்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ரௌட்டர்தான் சொல்கிறது. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் ஓசூர் பஸ் எது என்று கேட்பவரை, தெரிந்தே வேறு பஸ்ஸில் ஏற்றிவிடும் ஆளிடம் உங்கள் குடும்பமே வழி கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் மோசடிக்காரனால் உங்களைத் தன் கணினிக்கு இழுத்துப் போக முடியுமே தவிர, வங்கியின் டிஜிட்டல் சான்றிதழைக் காட்ட முடியாது. அதனால்தான் பிரவுசர் எச்சரிக்கிறது. வங்கித் தளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து, எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பொத்தானை எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள்.

முதல் சோதனை எளிது. மனைவியின் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே தளங்களைத் திறந்து பாருங்கள். அதில் சரியாக வந்து, வைஃபையில் மட்டும் தாவினால் குற்றவாளி ரௌட்டர். மொபைல் டேட்டாவிலும் தாவினால் கோளாறு அந்தப் போனிலேயே இருக்கிறது.

உங்கள் மகன் போன் ஏன் தப்பியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "ஒரு போனில் சரியாக வருகிறதே, அப்படியானால் ரௌட்டர் நல்லதுதான்" என்று பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் Private DNS என்று ஓர் அமைப்பு உண்டு. விளம்பரங்களைத் தடுக்க இளைஞர்கள் அதில் ஒரு சேவையின் பெயரை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி எழுதியிருந்தால், போன் ரௌட்டர் சொல்லும் ஆளிடம் போகாமல் அந்தச் சேவையிடமே நேராகக் கேட்கும். அதே இடத்தில் Automatic என்று இருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ரௌட்டர் கொடுத்த திருட்டு சர்வரையே அது ஏற்றுக்கொள்ளும். மகன் போனில் இதை ஐந்து நிமிடம் Off செய்து, வைஃபையில் ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் தாவினால் சந்தேகம் தீர்ந்தது. பார்த்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். குரோம் பிரவுசரில் Use secure DNS என்ற அமைப்பில் ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதே மயக்கம் வரும்.

அடுத்து ரௌட்டருக்குள் போக வேண்டும். விண்டோஸ் கணினியில் Command Prompt என்ற கட்டளைத் திரையைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
ipconfig /all
```

Default Gateway என்ற வரியில் இருப்பது ரௌட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1. அதை பிரவுசரில் தட்டினால் உள்நுழையும் பக்கம் வரும். உள்ளே இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்: WAN அல்லது Internet என்ற பகுதி, LAN பகுதியில், டிஎன்எஸ் எண்ணை வீட்டுக் கருவிகளுக்குக் கொடுக்கும் DHCP. பலர் முதலாவதைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். வீட்டு இணைப்புகளில் டிஎன்எஸ் எண் பொதுவாக இணைய நிறுவனத்திடமிருந்து தானாக வரும். யாரும் தொடாமலே அது கையால் எழுதப்பட்டதாக, அதாவது Manual அல்லது Static என்று, இருந்தால் அதுவே வலுவான அடையாளம்.

இரண்டாவது வரியில் 8.8.8.8 என்ற கூகுள் எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். 2016-இல் கண்டறியப்பட்ட ஸ்விட்சர் என்ற ஆண்ட்ராய்டு தீநிரல் இப்படித்தான் செய்தது. போனில் செயலி வேடத்தில் நுழைந்து, admin போன்ற எளிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று ரௌட்டருக்குள் போனது. முதல் எண்ணாகத் தன் சர்வரையும், இரண்டாவதாக 8.8.8.8-ஐயும் எழுதியது. திருட்டு சர்வர் படுத்துவிட்டாலும் இணையம் ஓடும். வீட்டுக்காரருக்குச் சந்தேகமே வராது.

சுத்தம் செய்வதைக் கருவிகளிலிருந்து தொடங்குங்கள். கோளாறு தொடங்கிய நாட்களில் வாட்ஸ்அப் வழியாக வந்த ஏபிகே கோப்பு எதையாவது போட்டீர்களா, கணினியில் திருட்டு மென்பொருள் ஏற்றினீர்களா என்று யோசித்து அதை நீக்குங்கள். கணினியில் விண்டோஸுடன் வரும் டிஃபென்டரை வைத்து முழுச் சோதனை செய்யுங்கள். பிறகு ரௌட்டர்: டிஎன்எஸ்ஸை இரண்டு இடங்களிலும் தானியங்கிக்கு மாற்றுங்கள். உள்நுழையும் கடவுச்சொல்லை நீளமானதாக மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. வெளியிலிருந்து இணையம் வழியாக ரௌட்டருக்குள் நுழைய விடும் Remote Management என்பதை அணையுங்கள். ரௌட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் நிறுவனம் புதியது தந்திருந்தால் ஏற்றுங்கள்.

பெட்டியின் பின்னால் உள்ள Reset துளையில் ஊசியை விட்டு அழுத்தச் சொல்லி யாராவது வந்தால், உடனே செய்துவிடாதீர்கள். அது திருட்டு எண்ணோடு உங்கள் இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், VLAN எண் எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிடும். ஃபைபர் பெட்டியாக இருந்தால் நிறுவனத்தோடு பேசும் அடையாள எண்ணும் சில நேரம் போய்விடும். பிறகு இணையமே வராது. வந்து சரிசெய்பவர் கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டியதுதான். இந்த விவரங்களை முதலில் இணைய நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு" என்பார்கள், விடாமல் கேளுங்கள். மாதாமாதம் பணம் வாங்கும் நிறுவனங்கள் ஊர் முழுக்க ஒரே admin கடவுச்சொல்லோடு பெட்டிகளை மாட்டிவிட்டு, அதை மாற்றும் உரிமையைக்கூட வாடிக்கையாளருக்குத் தராமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பூட்டுப் போடாத வீட்டில் திருட்டுப் போனதற்கு வீட்டுக்காரரிடமே 2,500 ரூபாய் கேட்பது எந்த நியாயம்? உதவி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், ரசீதில் உள்ள எண்ணையே அழையுங்கள். உங்கள் கருவியைத் தொலைவிலிருந்து இயக்க விடும் எனிடெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொல்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

மாற்றி முடித்ததும் ரௌட்டரை அணைத்துப் போடுங்கள். கணினியில் பழைய பதில்கள் தங்கியிருக்கும், அவற்றை அழிக்க:

```
ipconfig /flushdns
```

போன்களை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அந்த இரண்டு இடங்களைப் பாருங்கள். எண் மீண்டும் மாறியிருந்தால், வீட்டில் ஏதோ ஒரு கருவியில் நிரல் இன்னும் இருக்கிறது, அல்லது ரௌட்டரின் ஃபர்ம்வேரிலேயே ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு கருவியாக வைஃபையிலிருந்து விலக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் விலக்கியும் மாறினால், ஃபர்ம்வேர் வராத அந்தப் பழைய பெட்டியை மாற்றத்தான் வேண்டும்.

இந்த ஒரு வாரத்தில் எச்சரிக்கையைத் தாண்டி யாராவது வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால், மற்ற வேலைகளுக்கு முன்னால், சந்தேகமில்லாத போனில் மொபைல் டேட்டாவைப் போட்டு அதை மாற்றுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 எண்ணை உடனே அழைத்துப் புகார் செய்யுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும். அதன்பின் அதை முடக்குவது கடினம்.