பூமி தினச் சலுகை: துணிப்பையை எடைபோட்டுப் பார்க்கலாம்

கேள்வி: பூமி தினத்தையொட்டி ஒரு துணிப்பை நிறுவனம் 120 ரூபாய்ப் பையை, மூன்றாக வாங்கினால் 300 ரூபாய்க்குத் தருகிறது. விளம்பரத்தில் ‘பசுமை’ என்றோ ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்றோ ஒரு வரி கூட இல்லை. 100 சதவீதப் பருத்தி, 200 ஜிஎஸ்எம், 35க்கு 40 செ.மீ. என்று அளவுகள் மட்டுமே உள்ளன. நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த வரி இல்லாததை நல்ல அறிகுறியாகவே கொள்ளலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ‘பசுமை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுப்படையான சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இன்றி விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. அச்சொற்களை நாம் வீட்டில் சோதித்துப் பார்க்க வழியில்லை, அளவுகளைச் சோதிக்கலாம்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். நீங்கள் குறிப்பிடும் பையின் இரு பக்கங்களும் சேர்ந்து 0.28 சதுர மீட்டர் வரும். 200 ஜிஎஸ்எம் துணியானால் அதன் எடை மட்டும் 56 கிராம் இருக்க வேண்டும். கைப்பிடியும் மடிப்புத் தையலும் அதற்கு மேல் சேரும் என்பதால், சமையலறைத் தராசில் முழுப் பை 45 கிராம்தான் காட்டுகிறது என்றால் துணி சொன்னதைவிட மெல்லியது என்பது உறுதி. பருத்திதானா என்ற ஐயம் இருந்தால், ஓரத்திலிருந்து நூலொன்றை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். துணிபோலவே தோன்றும் பாலிபுரோப்பிலீன் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பாலியஸ்டர் கலப்பும் இப்படியே கெட்டியான துகளை விட்டுச் செல்லும். அளவிலோ துணியிலோ விளம்பரம் பொய்த்தால், அதன் படத்தையும் ரசீதையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

எனக்கு உறுத்துவது அந்த ‘மூன்று’தான். பருத்தி விளைவிப்பதிலும் நெய்வதிலும் செலவாகும் நீரும் ஆற்றலும் சிறிதல்ல. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு முறை மட்டும் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைந்த காரணமாக இருக்க, பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும். (அங்கு எடுத்துக்கொண்ட பையும் மின்சாரமும் வேறு என்பதால், இதை நமக்கு ஒரு தோராயமாகவே கொள்ள வேண்டும்.) வாரம் ஒரு முறை கடைக்குப் போகிறவருக்கு ஒரு பை அந்த எண்ணைத் தொட இரண்டரை ஆண்டுகள் ஆகும், மூன்றையும் மாற்றி மாற்றி எடுத்துச் சென்றால் ஏழரை ஆண்டுகள். மூன்றும் ஒரே நடையில் நிரம்பும் பெரிய குடும்பமானால் 60 ரூபாய் மிச்சம் நியாயமானது. கல்யாண வீட்டு மஞ்சப்பைகள் ஏற்கெனவே கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன என்றால், ஒன்றைக்கூட வாங்க வேண்டியதில்லை.