பெரிய திட்டத்துக்கு மாறுவதற்கு முன் ஸ்கிரிப்டைப் பாருங்கள்

கேள்வி: தங்கக் கடன், வங்கி வட்டி பற்றித் தமிழில் வீடியோ போடுகிறேன். குரலுக்கு மாதச் சந்தா கட்டி, எழுதியதைக் குரலில் வாசிக்கும் ஒரு டிடிஎஸ் சேவை வாங்கினேன். 'ரெபோ'வை 'rebo' என்கிறது, தொகைகளைக் குதறுகிறது, ஒரு லட்சம் கேரக்டர் இருபது நாளில் தீர்ந்துவிடுகிறது. விலை கூடிய திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: மாற வேண்டாம். இந்தக் குறைகளில் பெரும்பகுதி ஸ்கிரிப்டிலேயே தீர்பவை.

கேரக்டர் கணக்கை முதலில் பார்ப்போம். பல சேவைகள் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதில்லை, யூனிகோடு குறிகளை எண்ணுகின்றன. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேரும். அதோடு, ஒவ்வொரு முறை 'ஜெனரேட்' அழுத்தும்போதும் பொதுவாக முழுப் பத்திக்கும் கழிப்பார்கள். ஒரே சொல்லைத் திருத்த 800 கேரக்டர் பத்தியை ஐந்து முறை ஓட்டினால் 4,000 போய்விடும். சந்தேகமான வாக்கியத்தை மட்டும் தனியே ஓட்டிக் கேட்டுவிட்டு, எல்லாம் சரியான பிறகு முழுப் பத்தியை ஒரே தடவை ஓட்டுங்கள்.

உச்சரிப்புச் சிக்கலுக்குக் காரணம் நம் எழுத்துமுறை. ப என்ற ஒரே எழுத்து p, b இரண்டுக்கும் நிற்கிறது. தமிழ் வழக்கப்படி, இரு உயிரொலிகளுக்கு நடுவே ஒற்றையாக வந்தால் மென்மையாகவும், இரட்டித்தால் வன்மையாகவும் ஒலிக்கும். ஆகவே 'ரெபோ' என்று எழுதினால் இயந்திரம் b சொல்வது நியாயம்தான். 'ரெப்போ' என்று எழுதுங்கள், சரியாகிவிடும். 'ஆபரேஷன்' என்பதை 'ஆப்பரேஷன்' ஆக்குவதும் இதே வழிதான்.

ஆனால் சொல்லின் முதலில் இந்த உத்தி பலிக்காது. 'பில்' என்றால் bill-ஆ, pill-ஆ? 'கேஸ்' என்றால் வழக்கா, எரிவாயுவா? அடிக்கடி வரும் சொற்களை நல்ல குரல்கள் கற்றிருக்கும், மற்றவற்றில் ஊகிக்கும். அங்கே சொல்லையே மாற்றுவதுதான் நம்பகமான வழி: 'பேலன்ஸ்' தடுமாறினால் 'மீதித் தொகை', 'கேஸ்' தடுமாறினால் 'சமையல் எரிவாயு'. ஆங்கில எழுத்தில் balance என்று எழுதினாலும் சில குரல்கள் சரியாகச் சொல்லும். ஆனால் அந்த ஒரு சொல்லில் குரலின் சாயலே மாறிவிடுவது உண்டு. கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள். குரலுக்கான பிரதியும் திரையில் வரும் வசனப் பிரதியும் தனித்தனிக் கோப்பாக இருக்கட்டும். இல்லாவிட்டால் 'ரெப்போ' திரையிலும் வந்துவிடும்.

இனி எண்கள். இந்த வரியைப் பாருங்கள்:

```
ரூ.1,25,000-க்கு 9.5% வட்டி, 12–24 மாதம்.
```

இதில் நான்கு கண்ணி இருக்கிறது. 'ரூ.' புள்ளியை வாக்கிய முடிவாக எடுத்து நிறுத்தலாம். நம் லட்சக் காற்புள்ளியைப் புரியாமல் 'ஒன்று, இருபத்தைந்து' என்று துண்டாக்கலாம். '-க்கு' எண்ணோடு ஒட்டாமல் தனியே தொங்கலாம். 12–24 நடுவிலுள்ள கோட்டை விழுங்கலாம், கழித்தல் என்றும் படிக்கலாம். வாயால் சொல்வதை அப்படியே எழுதினால் நான்கும் போய்விடும்:

```
ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு, ஒன்பதரை சதவீத வட்டி. பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மாதம் வரை.
```

இதற்கு விலை உண்டு: '1,25,000' எட்டு கேரக்டர், சொல்லாக எழுதினால் முப்பது. எனவே எல்லா எண்ணையும் விரிக்க வேண்டாம். '24 மாதம்' போன்ற தனி எண்ணைப் பெரும்பாலான குரல்கள் சரியாகவே படிக்கும். லட்சத் தொகை, வேற்றுமை உருபு ஒட்டிய எண், வரம்பு, நேரம் இவற்றை மட்டும் விரியுங்கள். 10.30 என்பதைப் 'பத்தரை மணி' என எழுதாவிட்டால் 'பத்து புள்ளி மூன்று பூஜ்ஜியம்' வரக்கூடும். தொலைபேசி எண்ணை இலக்கங்களாகப் பிரித்து, மூன்று நான்கு இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி வையுங்கள்.

இடைநிறுத்தத்துக்குக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் போதும். மூன்று புள்ளியை ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்ளும், நம்ப முடியாது. பிடிஎஃபிலிருந்து ஒட்டிய உரையில் வரி உடைந்திருந்தால் வாக்கிய நடுவில் குரல் நிற்கும், வரிகளைச் சேர்த்துவிடுங்கள். முக்கியமான தொகைக்கு முன் அளவான மௌனம் வேண்டுமென்றால், எப்படி வாசிக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் எஸ்எஸ்எம்எல் குறி இருக்கிறது:

```
<break time="400ms"/>
```

இதை ஏற்காத சேவை குறியையே வாசித்துவிடும் அல்லது கண்டுகொள்ளாது. ஏற்கும் சேவைகளிலும் குறியின் எழுத்துகளைக் கட்டணத்தில் சேர்ப்பவை உண்டு. கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த வசதி என்றால் இதுதான்; அதோடு ஒரு சொல்லின் உச்சரிப்பை ஒருமுறை பதிந்து வைக்கும் அகராதி. வேறு சேவை பார்ப்பதானால், மேலே உள்ள இரண்டு வரிகளையும் 'ரெபோ', 'பில்' சேர்த்து அதன் இலவசச் சோதனையில் ஓட்டுங்கள். முன்னும் பின்னும் மீதமுள்ள கேரக்டர் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டால், அது எதை எண்ணுகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.