முழு நைட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போவது?

பல்லடம், நூல் மில் தொழிலாளி: அக்கா, எனக்கு முழு நைட், பத்து டு ஆறு. ஒரு மணிக்கு கேன்டீன்ல சோறும் சாம்பாரும் தாராளமா போடறாங்க. சாப்பிட்டா மூணு மணிக்குக் கண்ணு சொக்குது. சாப்பிடாம விட்டா கை நடுங்குது. என்னதான் பண்றது?

தம்பி, ஒரு மணிச் சாப்பாட்டை நீங்கள் அன்றைய பெரிய சாப்பாடாக ஆக்கி வைத்திருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். நாம் விழித்திருந்தாலும் வயிற்றுக்கும் கணையத்துக்கும் அது ராத்திரிதான். மெலட்டோனின் ஏறியிருக்கும் அந்த நேரத்தில் இன்சுலின் சுரப்பு மட்டுப்படும். பகலில் சாப்பிடும் அதே அளவுச் சோறு ராத்திரியில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும், அது இறங்கவும் நேரமாகும். இரைப்பை காலியாவதும் மெதுவாகத்தான். அதோடு மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் உடம்புச் சூடே குறைந்து, தூக்கம் ஆளைத் தள்ளும் நேரம். உண்ட மயக்கமும் அந்தத் தூக்கமும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தால் கண் சொக்காமல் என்ன செய்யும்?

கை நடுங்குவது வேறு கதை. வேலைக்குக் கிளம்புமுன் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக டீயும் வடையும், இல்லாவிட்டால் அவசரத்தில் இரண்டு தோசையாக இருக்கும்.

நான் ஓர் ஆஸ்பத்திரியின் டயட் பிரிவில் பல வருஷம் இருந்தவள். ஆனால் இதைக் கற்றுக்கொண்டது வீட்டில்தான். என் வீட்டுக்காரர் நூல் மில்லில், ரிங் பிரேம் மெஷினில் பதினோரு வருஷம் ஷிப்ட் மாறி மாறி முழு நைட் பார்த்தார். அவருக்குச் செய்ததைச் சொல்கிறேன். எட்டேகாலுக்கு நல்ல சாப்பாடு: ஒன்றரைக் கப் சோறு, கெட்டிப் பருப்பு அல்லது இரண்டு முட்டை, சோற்றளவுக்குப் பொரியல் அல்லது கீரை, கடைசியில் மோர். ஒரு மணிக்கு ஒரு சின்னக் கப் சுண்டலும் ஒரு டம்ளர் மோரும். மூன்றரைக்குப் பசித்தால் மட்டும் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. வீடு வந்ததும் ஆறே முக்காலுக்கு இரண்டு இட்லி. அதற்கு மேல் வேண்டாம், ஆனால் அதுவும் இல்லாமல் படுத்தால் பதினோரு மணிக்கே பசி எழுப்பிவிடும். பிறகு தூங்கி எழுந்து மதியம் மூன்று மணிக்கு நிதானமாக ஒரு சாப்பாடு.

முதல் வாரம் இதில் ஒரு தப்புச் செய்தேன். ஒரு மணிச் சோற்றை நிறுத்தினேனே தவிர, எட்டேகால் சாப்பாட்டைக் கூட்டவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி தலை சுற்றி மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆகவே முதலில் முன்சாப்பாட்டைப் பெரிதாக்குங்கள், நாலைந்து நாள் கழித்துக் கேன்டீன் தட்டைக் குறையுங்கள். கேன்டீனில் சுண்டல் கிடைக்காவிட்டால் அரைக் கரண்டி சோறு மட்டும் வாங்கிக்கொண்டு, பொரியலையும் சாம்பாரின் அடியில் கிடக்கும் பருப்பையும் கூடுதலாகக் கேளுங்கள்.

சென்னை, ஐடி சப்போர்ட்: மேடம், நைட்ல வெறும் பழம்தான் சாப்பிடறேன். லைட்டா இருக்கும்ல? ஆனா ஒரு மணி நேரத்துல திரும்பப் பசிக்குது.

பாதி சரி. வயிற்றுக்கு லேசு, உண்மைதான். ஆனால் ஒரு பெரிய கிண்ணம் பப்பாளியும் தர்பூசணியும் வெறும் வயிற்றில் போனால் சர்க்கரை சட்டென்று ஏறும், பசியைத் தாங்க அதில் புரதமும் இல்லை, கொழுப்பும் இல்லை. பழத்தை விடவேண்டாம். ஒரே ஒரு கொய்யா, கூடவே முப்பது கிராம் நிலக்கடலை. முப்பது கிராம் என்பது உள்ளங்கையை மூடினால் அடங்கும் அளவு. டப்பாவை டேபிளில் திறந்து வைத்தால் முப்பது நூறாகிவிடும், அதனால் வீட்டிலேயே அளந்து கட்டிக்கொண்டு போங்கள். ஜூஸாக அடித்துக் குடிப்பதாக இருந்தால் பேசாமல் இருந்துவிடலாம்.

மதுரை, ஸ்டாஃப் நர்ஸ்: எங்களுக்கு எட்டு டு எட்டு. ரவுண்ட்ஸ், டிரிப், ஃபைல்னு உட்கார நேரமே இருக்காது. ஆறு டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட், அதுலயே ராத்திரி ஓடிடும். காலைல வீட்டுக்குப் போனா தூக்கம் வரல.

ஆறு டீயில் தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பன்னிரண்டு ஸ்பூன், ஏறக்குறைய ஐம்பது கிராம். பிஸ்கட்டில் இருப்பது தனிக்கணக்கு. ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது சர்க்கரையைவிட டீயின் நேரம். குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இன்னும் கூடலாம். ஒன்பதரைக்குப் படுப்பவர் ஐந்து மணிக்குக் குடித்த டீ கட்டில் வரை கூட வரும்.

ஒன்பதுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, இரண்டரைக்குக் கடைசி. நாலு மணிக்கு வாய்க்குச் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சுக்குமல்லிக் காபி. பெயர்தான் காபி, அதில் கஃபீன் கிடையாது. பிளாஸ்கில் கொண்டுபோங்கள். கருப்பட்டியை மட்டும் அள்ளிப் போடாதீர்கள்.

பன்னிரண்டு மணி நேர வேலைக்கு மில்காரருக்குச் சொன்னது போதாது. ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறீர்கள் என்பதால் பன்னிரண்டரை வாக்கில் கொஞ்சம் கனமாகவே வேண்டும்: இரண்டு அவித்த முட்டை, ஒரு சப்பாத்தி. நின்றபடியே சாப்பிட்டு முடிக்கலாம், அதற்குத்தான் முட்டை.

விருதுநகர், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி: நான் முப்பது வருஷம் நைட் பார்த்தவன்மா. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்குச்சட்டி நிறைய பழைய சோறு, சின்ன வெங்காயம். ஒண்ணும் ஆகலை. இப்ப உள்ளவங்களுக்குத்தான் எல்லாம் ஆகுது.

ஐயா, அந்தக் காலத்து மில்லில் உங்கள் கால் நடந்த நடைக்கு அது கரைந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவருக்கு அதே தூக்குச்சட்டி ஆகாது. பழைய சோற்றின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நேரத்தை மட்டும் மாற்றச் சொல்வேன். தூக்கம் வரவழைக்கும் சாப்பாடு அது. ஆகவே காலையில் வீடு திரும்பியதும் ஒரு கிண்ணம், பிறகு படுக்கை. குடித்தவுடன் படுக்காமல் ஒரு மணி நேரமாவது விடுங்கள், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரண்டு மணி நேரம்.

கோவை, வங்கி ஊழியர்: நான் பகல் வேலைதான். சீரியல் பாத்துட்டு பத்தரைக்குதான் டின்னர். எனக்கும் சுண்டல்தானா?

இங்கே பேசுவது விடிய விடிய விழித்திருப்பவர்களைப் பற்றி. உங்களுக்குச் சுண்டல் தேவையில்லை, டின்னரைச் சீரியலுக்கு முன்னால் வையுங்கள்.

சென்னை, கால் சென்டர்: ராத்திரி முழுக்க எதுவுமே சாப்பிடக்கூடாது, அதுதான் பெஸ்ட்னு ஒரு ஆராய்ச்சியே இருக்கே?

இருக்கிறது. 2021ல் அமெரிக்காவில் 19 பேரை ஆய்வகத்தில் வைத்து, ராத்திரி வேலை போலவே விழிக்க வைத்துப் பார்த்தார்கள். ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் பத்தொன்பதே பேர், அதுவும் சில நாட்கள். நூல் வண்டி தள்ளியவர்களோ ஸ்ட்ரெச்சர் இழுத்தவர்களோ அதில் இல்லை. உட்கார்ந்த வேலை, சர்க்கரை நோய் இல்லை, மோரும் தண்ணீரும் குடித்தே சமாளிக்க முடிகிறது என்றால் முயன்று பாருங்கள். எல்லோருக்கும் அதையே சொல்ல எனக்குத் துணிவில்லை.

நாகர்கோவில், ஆம்புலன்ஸ் டிரைவர்: எனக்குச் சுகர் இருக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மாத்திரை. நீங்க சொன்னபடி நானும் நைட் சாப்பாட்டைக் குறைச்சிடறேன்.

தயவுசெய்து நீங்களாகக் குறைக்காதீர்கள். மேலே சொன்னது எதுவும் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மாத்திரையைப் போட்டுச் சோற்றைக் குறைத்தால் ஸ்டியரிங் பிடித்திருக்கும்போதே சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. உங்களுடையது எது என்று சீட்டைப் பாருங்கள். டியூட்டி அட்டவணையை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை என்று எழுதி வாங்குங்கள்.

வண்டியில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். மீட்டர் இருந்து அது 70க்குக் கீழே காட்டினாலும் அப்படியே. மூன்று ஸ்பூன் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் சுண்டலும் கடலையும் உதவாது, அவை மெதுவாக ஏறும் சாப்பாடு.

திருப்பூர், இல்லத்தரசி: அவருக்குச் சுண்டல் கட்டிக் குடுத்தேன். ஒரு மணிக்குத் திறந்தா ஊசிப்போச்சாம். கொட்டிட்டு புரோட்டா வாங்கிச் சாப்பிட்டிருக்கார்.

தேங்காய் போட்டிருப்பீர்கள். ராத்திரிக்குக் கட்டும் சுண்டலில் தேங்காய்த் துருவலும் வேண்டாம், மாங்காயும் வேண்டாம். காலையிலேயே கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, சாயங்காலம் ஆறு விசில் விடுங்கள். நசுக்கினால் மாவாக வேண்டும், அரைவேக்காடாக இருந்தால் ராத்திரி முழுக்க வயிறு உப்பிக்கிடக்கும். தண்ணீரை ஒட்ட வடித்து, கடுகு, மிளகாய், பெருங்காயம் தாளித்து, ஈரம் போகும்வரை வாணலியில் புரட்டுங்கள். பிறகு தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். சூட்டோடு மூடியைப் போட்டால் மூடியின் உட்பக்கம் வியர்க்கும். அந்தத் தண்ணீர் சொட்டித்தான் முக்கால்வாசி டப்பா ஊசிப்போகிறது.

நேரமில்லாத நாளில் பொரியும் பொட்டுக்கடலையும் கொஞ்சம் வறுத்த நிலக்கடலையும் கலந்து கட்டுங்கள். கெடவே கெடாது. சோறு கட்டுவதானால் ஏழெட்டு மணி நேரம் வெளியில் கிடக்கும் டப்பாவை நம்பாதீர்கள், தயிர்சாதமானாலும் சரி.

பல்லடம், நூல் மில் தொழிலாளி (மறுபடியும்): அக்கா, எட்டேகாலுக்கு எப்படிச் சாப்பிடறது? கம்பெனி பஸ் ஏழரைக்கே வந்திடும். அதுவும் வாராவாரம் ஷிப்ட் மாறுது.

அதைக் கேட்காமல் விட்டது என் தப்பு. ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். ஒன்பதே முக்காலுக்கு மில் வாசலில் இறங்கியதும் ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு வாழைப்பழம். ஒரு மணிச் சுண்டல் அப்படியே இருக்கட்டும்.

வாராவாரம் மாறுவதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை தம்பி. உடம்பு ஒரு வாரத்தில் திரும்பிக்கொள்ளாது. என் வீட்டுக்காரர் பகல் ஷிப்ட் வாரத்திலும் அரை நைட் வாரத்திலும் மதியச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் முடிந்தவரை மாற்றாமல் வைத்திருந்தார். மாறின முதல் இரண்டு நாள் எப்படியும் வயிறு மந்தமாகத்தான் இருக்கும், அந்த இரண்டு நாளும் புரோட்டாவும் பிரியாணியும் வேண்டாம்.

பஸ்ஸில் தூங்குவீர்களா? அப்படியானால் ஏழு மணிக்கு மோரைக் குறைத்துக்கொள்ளுங்கள், வழியில் வண்டி எங்கும் நிற்காது.